ஐந்து கை மாறும் பனியன்: பலமுனை விற்பனை வரியும் உள்ளீட்டு வரி வரவும்

திருப்பூரில் தைக்கப்படும் ஒரு பருத்திப் பனியன், வாங்குபவர் கைக்கு வருவதற்குள் பலரிடம் விலைபோகிறது. நூல் மில் நூலை விற்கிறது. நிட்டிங் போட்டு, சாயம் ஏற்றித் துணியாக்குபவர் அதைத் துணியாக விற்கிறார். அதை வெட்டித் தைத்து ஆடையாக்குபவர் மொத்த வியாபாரிக்கு விற்கிறார். மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக் கடைக்குப் போகிறது. ஒவ்வொரு விற்பனையிலும் அரசு வரி கேட்கலாம். எதன் மேல் கேட்கிறது, முன்னால் இருந்தவர் கட்டியதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்பதை வைத்துத்தான் கடைசி விலையில் எவ்வளவு வரி ஒளிந்திருக்கும் என்பது முடிவாகிறது.

இந்த ஒரே சங்கிலியை இரண்டு வரி முறைகளில் வைத்துப் பார்ப்போம். முதலாவது பலமுனை விற்பனை வரி. ஒவ்வொருவரும் தம் விற்பனைத் தொகை முழுவதற்கும் வரி கட்ட வேண்டும், முன்பு கட்டப்பட்டதற்குக் கழிவு கிடையாது. 1939இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு கொண்டுவந்த பொது விற்பனை வரி இந்த வகை. மதுவிலக்கால் போன வருவாயை ஈடுகட்ட வந்த அந்த வரி, இந்தியாவின் முதல் பொது விற்பனை வரியும்கூட. இரண்டாவது, இன்று நாம் கட்டும் ஜிஎஸ்டி. இதிலும் ஒவ்வொரு முனையிலும் வரி உண்டு. ஆனால் கொள்முதலில் கொடுத்த வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கட்டினால் போதும். இந்தக் கழிவைச் சட்டம் உள்ளீட்டு வரி வரவு என்கிறது. கடைவீதியில் அது வெறும் 'இன்புட்'.

கணக்கு

ஆயிரம் பனியன்களுக்கான ஒரு லாட்டை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்கு எளிதாக இருக்க நான் வைத்தவை. மில் 40,000 ரூபாய்க்கு நூல் விற்கிறது. துணியாக்குபவர் தம் செலவும் லாபமுமாக 20,000 சேர்க்கிறார். தைப்பவர் 30,000, மொத்த வியாபாரி 10,000, சில்லறைக் கடை 25,000. ஆக, ஐந்து பேரும் சேர்ந்து உருவாக்கிய மதிப்பு 1,25,000 ரூபாய். மில் பஞ்சு வாங்கிய கதையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இரண்டு முறையிலும் வரி விகிதம் 5 சதவீதம் என்று வைப்போம். பருத்தி நூல், துணி, விலை குறைந்த ஆடை எல்லாவற்றுக்கும் இன்று ஜிஎஸ்டி அதே 5 சதவீதம்தான்.

| முனை | சேர்த்த மதிப்பு | பலமுனை வரியில் கட்டுவது | ஜிஎஸ்டியில் பில்லில் போடும் வரி | கழிக்கும் இன்புட் | ஜிஎஸ்டியில் கட்டுவது |
|---|---|---|---|---|---|
| நூல் மில் | 40,000 | 2,000 | 2,000 | 0 | 2,000 |
| துணியாக்குபவர் | 20,000 | 3,100 | 3,000 | 2,000 | 1,000 |
| ஆடை தைப்பவர் | 30,000 | 4,755 | 4,500 | 3,000 | 1,500 |
| மொத்த வியாபாரி | 10,000 | 5,493 | 5,000 | 4,500 | 500 |
| சில்லறைக் கடை | 25,000 | 7,017 | 6,250 | 5,000 | 1,250 |
| மொத்தம் | 1,25,000 | 22,365 | | | 6,250 |

துணியாக்குபவரின் வரிசையில் கொஞ்சம் நின்று பார்த்தால் வித்தியாசம் பிறக்கும் இடம் தெரியும். பலமுனை வரியில் அவர் மில்லுக்கு 42,000 கொடுத்து நூல் வாங்குகிறார். அந்த 2,000 அவருக்குத் திரும்பி வராது. அது நூல் விலையின் ஒரு பகுதியாகிவிட்டது. அதோடு தம் 20,000ஐச் சேர்த்து 62,000 என்று விலை வைத்து, அதன் மேல் 5 சதவீதம் போடுகிறார். வரி 3,100. ஜிஎஸ்டியிலும் அவர் மில்லுக்கு 42,000 கொடுக்கத்தான் செய்கிறார். ஆனால் அதில் 2,000 அவர் கணக்கில் வரவாக நிற்கிறது. நூலின் அடக்கவிலை 40,000 மட்டுமே. எனவே துணியின் விலை 60,000, வரி 3,000, கையிலிருக்கும் வரவு போக அரசுக்குக் கட்டுவது 1,000. அந்த 1,000 அவர் சேர்த்த 20,000க்குச் சரியாக 5 சதவீதம்.

கடைசியில் பலமுனை வரியில் ஆயிரம் பனியனுக்கு வாடிக்கையாளர்கள் கொடுப்பது 1,47,365 ரூபாய். ஜிஎஸ்டியில் 1,31,250. சட்டத்தில் 5 சதவீதம் என்று எழுதியிருந்த பலமுனை வரி, உண்மையில் 17.9 சதவீதமாக விளைந்திருக்கிறது. கடையின் பில்லில் தெரிவது 7,017 மட்டும். மீதி 15,348 ரூபாய் 'பொருளின் விலை' என்ற பெயரில் உள்ளே கிடக்கிறது.

வரிக்கு மேல் வரி: எது, எவ்வளவு

இந்த வீக்கத்தை 'வரிக்கு மேல் வரி' என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுவது வழக்கம். பிரித்துப் பார்த்தால் அதில் இரண்டு வேறு சுமைகள் இருக்கின்றன.

ஒன்று, ஒரே மதிப்புக்குத் திரும்பத் திரும்ப வரி. நூலின் 40,000 ரூபாய், மில் விற்கும்போது ஒருமுறை, துணியாக ஒருமுறை, ஆடையாக ஒருமுறை, மொத்தத்தில் ஒருமுறை, சில்லறையில் ஒருமுறை என்று ஐந்து தடவை வரிக் கணக்கில் ஏறுகிறது. மற்றது, முந்தைய வரித் தொகையே அடுத்த வரிக்கு அடிப்படையாவது. துணியாக்குபவர் கட்டிய 3,100இல் கடைசி 100 ரூபாய், மில் வசூலித்த 2,000 ரூபாய் வரிக்கு விழுந்த 5 சதவீதம். சொல்லுக்குச் சொல் 'வரிக்கு மேல் வரி' இதுதான்.

நம் சங்கிலியில் இரண்டாவது சிறியது. வரித் தொகையை விலக்கி, ஒவ்வொரு முனையிலும் பொருளின் மதிப்புக்கு மட்டும் 5 சதவீதம் போட்டிருந்தாலும் மொத்தம் 20,750 ரூபாய் வந்திருக்கும். 22,365க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1,615. அசல் வரிக்கு மேல் வரி அவ்வளவே. 20,750க்கும் 6,250க்கும் இடையிலான 14,500, ஒரே மதிப்பு பலமுறை வரிக்கு ஆளானதால் வந்தது. பில்லில் வரியைத் தனியாகக் காட்டி, 'வரித் தொகைக்கு வரி இல்லை' என்று மட்டும் ஒரு சட்டம் சொன்னால் இந்த 14,500 அப்படியே நிற்கும். உள்ளீட்டு வரி வரவு இரண்டையும் சேர்த்து அகற்றுகிறது. முந்தைய வரி முழுவதையும் கழித்துவிடுவதால், முந்தைய மதிப்புக்கு மறுமுறை போட்ட வரியும் ரத்தாகிறது, அந்த வரியின் மேல் ஏறவேண்டிய வரியும் பிறப்பதில்லை.

சுமை சங்கிலியில் எங்கே விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பலமுனை வரியில் நூலின் மதிப்புக்கு விழுந்த மொத்த வரி 27.6 சதவீதம், சில்லறைக் கடை சேர்த்த 25,000க்கு விழுந்தது 5 சதவீதம். சங்கிலியின் தொடக்கத்தில் பிறக்கும் மதிப்பே அதிகம் அடிபடுகிறது. கச்சாப் பொருளின் பங்கு பெரிதாக உள்ள மலிவான பனியன், கடை லாபம் பெரிதாக உள்ள விலையுயர்ந்த சட்டையைவிட அதிக விகிதத்தில் வரி சுமக்கும். இப்படி ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை. முறையின் அமைப்பே இதைச் செய்துவிடுகிறது.

நம் கணக்கு ஒரு விஷயத்தில் பலமுனை வரிக்குச் சலுகை காட்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்கை ரூபாயாகச் சேர்ப்பதாக வைத்தோம். ஆனால் பல கடைகள் கொள்முதல் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான் லாபம் வைக்கின்றன. ஜிஎஸ்டி அட்டவணையில் சில்லறைக் கடை ஒரு லட்சத்துக்கு வாங்கி 25 சதவீதம் சேர்த்திருக்கிறது. அதே 25 சதவீதத்தைப் பலமுனை வரியில் 1,15,348 ரூபாய் கொள்முதலின் மேல் வைத்தால் லாபம் 28,837. வரியின் மேல் வரி மட்டுமல்ல, வரியின் மேல் லாபமும் ஏறி, அந்த லாபத்தின் மேல் மறுபடி வரி ஏறும்.

விகிதம் குறைவாக இருந்தால்?

ஒரே 5 சதவீதத்தை இரண்டுக்கும் வைத்து ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். பலமுனை வரியை யாரும் அவ்வளவு உயர்த்தி வைப்பதில்லை. 1939இன் சென்னை வரி அரை சதவீதம்தான். நம் சங்கிலியில் அந்த அரை சதவீதத்தை ஓட்டினால் மொத்த வரி 2,091 ரூபாய், அதாவது 1.67 சதவீதம். சொன்னதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்றாலும் தொகை சிறியது, யாருக்கும் உறைக்காது. ஜிஎஸ்டி தரும் அதே 6,250 ரூபாயைப் பலமுனை வரியில் எடுக்க வேண்டுமானால் ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான விகிதமே போதும். அரசுகளுக்குப் பலமுனை வரி இனித்ததன் காரணம் இதில் இருக்கிறது. காதுக்குச் சின்ன விகிதம், கஜானாவுக்கு நல்ல வரவு. இன்புட் இல்லாததால் கொள்முதல் பில்களைச் சரிபார்க்கும் வேலையும் இல்லை.

ஆகவே நியாயமான ஒப்பீடு மொத்த வருவாய் சமமாக இருக்கும் நிலையில் செய்யப்பட வேண்டும். அப்போதும் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. ஜிஎஸ்டியில் பனியனின் வரி அதன் விலையைப் பொறுத்தது. பலமுனை வரியில் அது எத்தனை கை மாறியது என்பதைப் பொறுத்தது.

ஒரு பெரிய நிறுவனம் நூற்பு, நிட்டிங், சாயம், தையல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்கிறது என்போம். அதன் முதல் விற்பனையே 90,000 ரூபாய் ஆடை. இடையில் விற்பனையே இல்லாததால் இடையில் வரியும் இல்லை. 5 சதவீதப் பலமுனை வரியில் அந்தப் பனியன்கள் மீது விழும் மொத்த வரி 16,461. மூன்று தனித்தனிச் சிறு யூனிட்டுகள் செய்த அதே பனியன்களுக்கு 22,365. வித்தியாசம் 5,904 ரூபாய், பனியனுக்குக் கிட்டத்தட்ட 6 ரூபாய். விகிதத்தை இறக்கி வருவாயைச் சமப்படுத்தினாலும் பெரிய நிறுவனத்தின் சரக்கு சுமார் 4,700 ரூபாயும், சிறு யூனிட்டுகளின் சரக்கு 6,250 ரூபாயும் சுமக்கும். ஜிஎஸ்டியில் இரண்டுக்கும் 6,250.

நூல் ஒருவரிடம், நிட்டிங் இன்னொருவரிடம், சாயப்பட்டறை வேறொருவரிடம், தையல் மற்றொருவரிடம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு வளர்ந்த திருப்பூர் போன்ற ஊருக்கு இது வாழ்வா சாவா என்ற வித்தியாசம். பலமுனை வரியில் அந்த ஊர் நூலை விற்காமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பி, உரிமை கை மாறாமல் பார்த்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். அப்போது தொழிலின் வடிவத்தைத் தீர்மானிப்பது தறியோ கூலியோ அல்ல, வரிச் சட்டம்.

இந்தச் சிக்கலை நீதிமன்றம்வரை கொண்டுபோன நாடு மேற்கு ஜெர்மனி. அங்கே ஒவ்வொரு விற்பனையிலும் 4 சதவீதம் விழும் பலமுனை வரி இருந்தது. எல்லாக் கட்டங்களையும் தன்னுள் வைத்துக்கொண்ட நிறுவனங்களுக்கு அது தரும் சாதகம் சமத்துவத்துக்குப் பொருந்தாதது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1966 டிசம்பரில் சொன்னது. சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்ததால் உடனே வரியை ரத்து செய்யவில்லை. 1968 ஜனவரி 1 முதல் இன்புட் உள்ள மதிப்புக் கூட்டு வரி வந்தது. விகிதம் 10 சதவீதம். நாலு பத்தானதைப் பார்த்து வரி இரண்டரை மடங்கானது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பழைய நாலு ஒவ்வொரு முனையிலும் முழுத் தொகையில் விழுந்தது; புதிய பத்து, கடைசி விலையில் ஒருமுறைதான் விழுந்தது. பிரான்சில் மொரிஸ் லொரே என்ற வரி அதிகாரி வடிவமைத்த இந்த முறை 1954இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது.

ஏற்றுமதிப் பெட்டி

தைப்பவர் தம் 90,000 ரூபாய் சரக்கைச் சில்லறைக்கு விடாமல் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்றால் இரண்டு முறைகளின் வித்தியாசம் இன்னொரு பக்கத்திலிருந்து தெரியும். ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம், ஆனால் இன்புட் உண்டு. துணிக்குக் கொடுத்த 3,000 ரூபாயை அவர் திரும்பக் கேட்கலாம். எவ்வளவு என்பதில் தகராறு இல்லை. பில்லில் அச்சாகி இருக்கிறது. சரக்கு வரியே இல்லாமல் கப்பல் ஏறுகிறது.

பலமுனை வரியில் ஏற்றுமதிக்கு விலக்கு கொடுத்தாலும் அந்தச் சரக்குக்குள் 5,100 ரூபாய் வரி ஏற்கெனவே கரைந்திருக்கும். அதைத் திருப்பித் தர அரசு விரும்பினாலும் எவ்வளவு என்று தைப்பவருக்கே தெரியாது. நூல் எத்தனை கை மாறி வந்தது என்று அவர் அறியமாட்டார். அரசு ஒரு சராசரியை ஊகித்துத் தர வேண்டியிருக்கும். சராசரி என்றால் சிலருக்கு மிகுதி, சிலருக்குக் குறை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றும் ஆடை ஏற்றுமதியாளர்களுக்கு ஜிஎஸ்டி ரீஃபண்ட் தவிர, மாநில மற்றும் மத்திய வரிகளுக்கான தள்ளுபடியாக ஆர்ஓஎஸ்சிடிஎல் என்ற ஒரு திட்டம் 2019 முதல் இருக்கிறது. லாரி டீசலின் வரி, மின்சார வரி, பஞ்சு மண்டியில் வசூலாகும் கட்டணம், விவசாயி வாங்கிய உரத்திலும் பூச்சிமருந்திலும் இருந்த வரி ஆகியவற்றுக்கு ஈடாக, ஏற்றுமதி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று சராசரியாகத் தரப்படுவது அது. ஜிஎஸ்டிக்குள்ளும் பலமுனை வரியின் ஒரு துண்டு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அரசே கொடுக்கும் ஒப்புதல் இந்தத் திட்டம்.

சங்கிலி அறுந்தால்

ஜிஎஸ்டியின் பலம் முழுவதும் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததோடு பில்லால் கட்டப்பட்டிருப்பதில் இருக்கிறது. ஒரு கண்ணி விட்டுப்போனால் அந்த இடத்தில் பலமுனை வரி திரும்பி வருகிறது. இதை 'வரிவிலக்கு' என்ற சலுகையை வைத்தே பார்க்கலாம்.

துணிக்கு வரிவிலக்கு என்று அரசு அறிவிப்பதாக வைப்போம். துணியாக்குபவர் தம் பில்லில் வரி போட வேண்டாம். ஆனால் விற்பனைக்கு வரி இல்லாதவருக்கு இன்புட்டும் இல்லை. நூலுக்குக் கொடுத்த 2,000 அவருடைய அடக்கவிலையில் சேர்ந்து, துணி 62,000க்கு வரும். அதில் வரி எதுவும் எழுதப்படாததால் தைப்பவருக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அவர் 92,000க்கு விலை வைத்து 4,600 வரி போடுகிறார். பிறகு வழக்கம்போல் சங்கிலி நகர்ந்து, கடைசியில் அரசுக்குச் சேர்வது 8,350 ரூபாய். விலக்கு கொடுக்காதபோது சேர்ந்தது 6,250. விலக்கு கொடுத்ததால் வரி 2,100 ரூபாய் கூடிவிட்டது.

அதே விலக்கைத் துணிக்குக் கொடுக்காமல் கடைசியில் உள்ள சில்லறைக் கடைக்குக் கொடுத்தால் வரி குறைகிறது. மொத்த வியாபாரியின் பில்லில் வந்த 5,000 கடைக்காரரின் அடக்கத்தில் நிற்கும். அவர் சேர்த்த 25,000க்கு வரி இல்லை. மொத்தம் 5,000. ஆக, கடைசிக் கண்ணிக்குக் கிடைக்கும் விலக்கு வாங்குபவருக்கு லாபம். நடுக்கண்ணிக்குக் கிடைக்கும் விலக்கு அடுத்து வரும் எல்லோருக்கும் நட்டம். 'எங்கள் பொருளுக்கு வரிவிலக்கு வேண்டும்' என்று ஒரு தொழில் சங்கம் கேட்கும்போது, அவர்கள் விற்பது கடைசி வாடிக்கையாளருக்கா, இன்னொரு தொழிலுக்கா என்று முதலில் பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே உள்ள சரக்கு வியாபாரிக்குத் தமிழகத்தில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் அவர் தைப்பவருக்குத் துணி விற்பவராக இருந்தால், அவர் துணி 62,000. பதிவு செய்தவரின் துணி 63,000 என்றாலும் 3,000 இன்புட் போக 60,000. கணக்கு தெரிந்த தைப்பவர் யாரிடம் வாங்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டாயம் இல்லாதவர்களும் தாமாகப் பதிவு செய்துகொள்வதன் பின்னணி இது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் இதே கதிதான். அவர் தம் விற்பனையில் சிறு சதவீதம் கட்டினாலும், பில்லில் வரி வசூலிக்கக் கூடாது. அவரிடம் வாங்குபவருக்கு இன்புட் கிடையாது. பொதுமக்களுக்கு விற்கும் கடைக்கு அது தோதான திட்டம், தொழிலுக்கு விற்பவருக்கு அல்ல.

சட்டமே அறுத்துவைத்த இடங்களும் உண்டு. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே, பழைய மாநில வரியிலும் மத்தியக் கலால் வரியிலும் இருக்கின்றன. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. நூல் மில்லின் ஜெனரேட்டர் குடிக்கும் டீசலிலும், மில் கட்டும் கரண்ட் பில்லிலும் உள்ள வரி எந்த இன்புட் கணக்கிலும் ஏறாது. நூலின் விலைக்குள் போய், கடைசி விலைவரை வந்து, அதன் மேலும் 5 சதவீதம் ஏறும். விவசாயியிடமிருந்து பஞ்சு வாங்கும் மில் அதற்கான வரியைத் தானே கட்டி, தானே இன்புட்டாக எடுத்துக்கொள்கிறது. அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் அந்த விவசாயி உரத்துக்குக் கொடுத்த வரி அவரோடு நின்றுவிட்டது.

சங்கிலி அறும் மூன்றாவது வகை, உள்ளே வரும் வரி வெளியே போகும் வரியைவிட அதிகமாவது. 2017 அக்டோபர் முதல் செயற்கை இழை நூலுக்கு 12 சதவீதம், அதில் செய்த துணிக்கு 5 சதவீதம் என்று இருந்தது. நம் தொகைகளையே போட்டால், துணியாக்குபவர் நூலில் 4,800 கொடுத்துத் துணியில் 3,000 வசூலிக்கிறார். கையில் 1,800 இன்புட் தேங்குகிறது. அதைத் திருப்பித் தந்தால் சங்கிலி அறுவதில்லை. ஆனால் துணிக்கு 2018 ஜூலை முடியும்வரை அந்த ரீஃபண்ட் மறுக்கப்பட்டிருந்தது. தேங்கிய பணம் அடக்கவிலையாகி, காகிதத்தில் வரவு இருந்தும் பலமுனை வரியின் விளைவே வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கும் நூலுக்கும் விகிதம் 5 சதவீதமாக இறக்கப்பட்டபோதுதான் இந்த முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்தது.

ஏமாற்றினால்

பில்லில்லாமல் விற்பவரை இரண்டு முறைகளும் வேறுவிதமாக எதிர்கொள்கின்றன. பலமுனை வரியில் துணியாக்குபவர் கணக்கில் வராமல் விற்றால் அவருடைய 3,100 போகும். அவரிடம் வாங்கியவருக்கு அதில் நட்டமில்லை, விலை குறைந்தால் லாபம்தான். இருவருக்கும் பில் தேவையில்லை. ஜிஎஸ்டியில் பில் இல்லையேல் வாங்குபவருக்கு இன்புட் இல்லை. தைப்பவர் முழு 4,500ஐயும் தாமே கட்ட வேண்டிவரும். அதனால் பில் கேட்கும் வேலையை அரசுக்காக வாங்குபவரே செய்கிறார்.

ஆனால் இந்தக் கண்காணிப்புக்குள் ஒரு ஓட்டையும் இருக்கிறது. பில்லுக்கே பணமதிப்பு வந்துவிட்டதால் போலி பில் விற்பவர்கள் முளைத்தார்கள். சரக்கே கைமாறாமல் 3,000 ரூபாய் வரி எழுதிய பில்லை ஒருவர் கொடுத்து, வரியைக் கட்டாமல் மறைந்துவிட்டால், அரசு வசூலிக்காத பணத்தை இன்புட்டாகத் தர வேண்டியிருக்கும். பலமுனை வரியில் இந்த மோசடிக்கு இடமே இல்லை. திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லையே.

அதைத் தடுக்க ஜிஎஸ்டி சட்டம் சுமையை வாங்குபவர் மேல் வைத்தது. விற்றவர் வரியை அரசுக்குக் கட்டியிருந்தால்தான் இன்புட் செல்லும். விற்றவர் தம் கணக்கில் பதிவேற்றி, வாங்குபவரின் GSTR-2B பட்டியலில் அந்தப் பில் வந்திருந்தால்தான் எடுக்க முடியும் என்ற நிபந்தனை 2022 ஜனவரி முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நேர்மையாகத் துணி வாங்கி, பணமும் வரியும் கொடுத்துவிட்ட தைப்பவர், விற்றவர் கட்டாமல் விட்டதால் அதே 3,000 ரூபாயை வட்டியோடு மறுபடி கட்டுகிறார். அவருடைய சரக்குக்கு அந்த மாதம் பலமுனை வரிதான் நடக்கிறது. மாதக் கணக்கு முடிக்கும்போது கொள்முதல் புத்தகத்தையும் GSTR-2Bஐயும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வராத பில்லுக்கு விற்றவரைத் துரத்துவது இதனால்தான் ஆடிட்டர் அலுவலகங்களின் அன்றாட வேலையாகிவிட்டது. விற்றவருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டாலும் எடுத்த இன்புட்டைத் திருப்ப வேண்டும். நீண்ட கடனில் ஓடும் துணி வியாபாரத்தில் இதுவும் அடிக்கடி மாட்டும் இடம்.

பலமுனை வரி கணக்கெழுத எளிது, ஏமாற்ற எளிது. அதன் உண்மைச் சுமை மட்டும் யாருக்கும் தெரியாது. உள்ளீட்டு வரி வரவு கணக்கெழுதக் கடினம், இடையில் முதலை முடக்கும், போலிக்கும் இடம் கொடுக்கும். ஆனால் முழுதாக நடக்கும் இடத்தில் கடைசி பில்லில் எழுதிய 5 சதவீதம் உண்மையிலேயே 5 சதவீதம். இரண்டில் எது தம்மிடம் நடக்கிறது என்று ஒரு வியாபாரி அறிய வரி அட்டவணை பார்க்கத் தேவையில்லை. கொள்முதலில் கொடுத்த வரி அவருடைய கணக்கில் எந்தத் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். இன்புட் தலைப்பில் இருந்து அடுத்த மாதம் கழிந்துவிட்டால் அது அவருக்குச் செலவே அல்ல. டீசல், கரண்ட், பதிவில்லாதவரிடம் வாங்கியது, 2Bயில் வராத பில் என்று அடக்கவிலையோடு கலந்துவிட்ட ஒவ்வொரு ரூபாய் வரிக்கும் அவர் தம் விலையில் வரி வசூலிக்கப் போகிறார். அந்த அளவுக்கு அவருடைய வியாபாரம் இன்னும் 1939இன் முறையில்தான் நடக்கிறது.